நான் ஆடவில்லை, சில்லு ஆடியது

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும், சொல்ல வந்ததை விட்டு வேறெங்காவது போவேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வந்த கோபம் மறக்கவில்லை. அது ஆறிவிட்டால் பிறகு எழுத மனம் வராது என்று தெரிந்துதான் இப்போதே எழுதுகிறேன்.

நான் இடியப்பம் அவிக்கிறவள். விடியுமுன் அவித்து, கூடையில் வாழையிலை போட்டு அடுக்கி, சைக்கிளின் பின் கரியரில் கட்டி, தேங்காய்ப்பால் சொதி நிறைந்த கானை முன் கைபிடியில் கொழுவிக்கொண்டு, துறைமுகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கணவர் இருந்த காலத்திலும் அதுதான் வேலை, அவர் போன பிறகும் அதுதான். வீட்டில் நானும் மகனும் மருமகளும். மகன் மோட்டார் சைக்கிள் கழுவி எண்ணெய் மாற்றும் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் வேலை.

எனக்குக் கூச்சம் கூடுதல். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க வராது. பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருக்கிறவர் கதைப்பார், பதில் சொல்ல வேண்டும். ஓட்டோவில் போனால் ஓட்டுகிறவர் கதைப்பார். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. எதிரே வருகிறவருக்குத் தலையை ஆட்டினால் போதும், அதற்குள் அவரைத் தாண்டிவிடலாம். ஒரு பக்கம் கடல், முன்னால் றோட்டு, கூடையிலிருந்து வரும் ஆவி முதுகில் சூடாகப் படும். ஒரு நாளில் எனக்கென்று இருக்கிற நேரம் அதுதான். அதைத்தான் என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தார்கள்.

ஆயுத பூசைக்கு மகன் என் சைக்கிளைத் தான் வேலை செய்கிற இடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே தண்ணீரைத் துப்பாக்கி மாதிரி அடிக்கிற குழாய் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஒட்டிய சேறெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. அந்தக் குழாயைப் பிடித்து என் சைக்கிளின் சில்லுகளில், நடு அச்சில், சங்கிலியில் எல்லாம் அடித்திருக்கிறான். பிறகு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினான். நான் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினேன். சந்தோசமாகத்தான் இருந்தது. அவன் ஆசையோடு செய்ததுதான், அதை இல்லை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சத்தம் தொடங்கியது. பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சத் தூரம் போனால் இன்னொரு 'டிக்'. வேகமாகப் போனால் கிட்டக்கிட்ட வரும், மெதுவாகப் போனால் விட்டுவிட்டு வரும். முதலில் சங்கிலி என்று நினைத்தேன். துறைமுகத்தை நோக்கி இறங்குகிற சரிவில் மிதிக்காமல் காலை அசையாமல் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்போதும் 'டிக்' வந்தது. மிதிக்கிற கட்டையிலோ சங்கிலியிலோ பிழை என்றால் கால் நின்றவுடன் சத்தமும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. சில்லு ஒரு தடவை சுற்ற ஒரு தடவை வருகிறது. அப்படியென்றால் சில்லில்தான் ஏதோ இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அன்றிரவு சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன்.

"மகன், சைக்கிள் பின் சில்லு சத்தம் போடுது. ஒரு சுத்துக்கு ஒருக்கா டிக் எண்டுது."

"ஒரு சுத்துக்கு ஒருக்கா எண்டு எப்பிடி அம்மா தெரியும்? எண்ணினனீங்களா?" என்று சிரித்தான்.

"காது கேக்குதுதானே."

"காலமை ரேடியோ வைச்சது கேக்கேல்ல எண்டு சத்தமாப் போடச் சொன்னீங்கள். இப்ப சில்லுச் சத்தம் மட்டும் கேக்குதோ?"

மருமகளும் சிரித்தாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் எவனோ புளுகுவது கேட்காவிட்டாலும் எனக்குக் காரியமில்லை. நான் ஏறியிருக்கிற சில்லின் சத்தம் எனக்குக் கேட்கும்.

பிறகு சில்லு ஆடத் தொடங்கியது. குனிந்து பார்த்தால் பின் றிம் ஓரிடத்தில் வலப் பக்கமாகப் போய், பிறேக் கட்டையில் சரக்கென்று உரசிவிட்டுத் திரும்பும். மிதிக்கும்போது யாரோ பின்னால் பிடித்து விடுவதுபோல் இருந்தது. இதையும் மகனிடம் சொன்னேன். இந்தத் தடவை சைக்கிளைப் பார்த்தான். நட்டுத் திருகுகிற சாவியை எடுத்துப் பின் பிறேக்கின் கம்பியைத் தளர்த்தி, இரண்டு கட்டைகளையும் றிம்மிலிருந்து தள்ளி வைத்தான். "இப்ப உரசாது" என்றான். உரசவில்லைதான். பின் பிறேக் பிடிக்கவும் இல்லை. வயிற்றுவலிக்காரனைச் சத்தம் போடாமல் இரு என்று வாயைப் பொத்தியதுபோலத்தான் அந்தத் திருத்தம்.

எங்கள் சந்தியில் தறப்பாள் கட்டிச் சைக்கிள் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிறவர். முஸ்லிம் ஆள், அண்ணன் என்கிற முறையில் எல்லோரும் 'நானா' என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவரிடம் கொண்டுபோனேன். மோட்டார் சைக்கிள் ரயர் ஒன்றை அவசரமாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா?"

"சில்லு ஆடுது நானா. டிக் எண்டு சத்தமும்."

சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கிவிட்டு, சில்லைச் சுழற்றி, பிறேக் கட்டைக்குப் பக்கத்தில் றிம் எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்த்தார். கம்பி முறுக்குகிற சாவியை எடுத்து அந்த இடத்தில் நாலைந்து கம்பிகளை முறுக்கினார். திரும்பச் சுழற்றினார். நேராக ஓடியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சத்தம்?" என்று கேட்டேன்.

"கம்பி தளர்ந்தா சத்தம் வரத்தானே செய்யும். இனி வராது. கூடையில பாரத்தக் கொஞ்சம் குறைங்க அக்கா. உங்களுக்கும் வயசு போகுது, சைக்கிளுக்கும் வயசு போகுது."

ரயர் ஒட்டக் கொண்டுவந்து அருகில் நின்றவன் சிரித்தான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு அங்கே நின்று வாதாடத் தெரியாது. சில்லைக் கழற்றிப் பார்க்கவில்லையே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குள் கேட்டேன். கேட்க வேண்டிய இடத்தில் வாய் வராது, குசினி அடுப்படிக்கு வந்த பிறகு வரும். என் பிறவி அப்படி.

சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு திரும்ப டிக். திரும்ப ஆட்டம், முன்னையைவிடக் கூட.

நான் விழுந்த நாள் காலையில் துறைமுக வீதி வளைவில் ஊருக்குள் திரிகிற மான்கள் நின்றன. அவை எப்போதும் நிற்கிறவைதான். யாராவது போடுகிற பழத்தோலையும் கடதாசியையும் தின்றுகொண்டு நடு றோட்டில் நிற்கும். நான் அவற்றைத் தூரத்திலேயே கண்டேன். கண்டு, பின் பிறேக்கைப் பிடித்தேன். அது பிடிக்கவில்லை. முன் பிறேக்கைச் சடாரென்று பிடித்தால் தலைகீழாகப் போவேன் என்று தெரியும், அதனால் மெல்லத் திருப்பினேன். திருப்பியவுடன் பின் சில்லு தன்பாட்டுக்கு ஒரு பக்கம் சரிந்தது. நான் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். சொதி முழுக்கத் தாரில் ஓடியது. மான் ஒன்று வந்து இடியப்பத்தை முகர்ந்து பார்த்தது.

முழங்கால் தோல் போய், கை வீங்கியது, வேறொன்றும் இல்லை. ஆனால் என்னைத் தூக்கிவிட வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதை. "மான் நிக்கிறது கண் தெரியேல்லப் போல." "இந்த வயசில சைக்கிள் ஓடலாமா அம்மா?" "பெடியன் விடுறானே, அவனைச் சொல்லோணும்." ஒருவராவது சைக்கிளைப் பார்க்கவில்லை. விழுந்தது கிழவி என்றால் காரணம் தேடத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

"சில்லு ஆடுது" என்று ஒருவரிடம் சொன்னேன்.

"ஓம் ஓம், இருங்கோ, தண்ணி குடியுங்கோ" என்றார்.

மகன் வந்தான். பயந்துபோய்த்தான் வந்தான், முகம் வெளிறியிருந்தது. மருந்து போட்டு முடிந்ததும் பயம் போய்க் கட்டளை வந்துவிட்டது.

"போதும் அம்மா. இனிச் சைக்கிள் வேண்டாம். கடைக்காரர் தேவையெண்டா வீட்ட வந்து எடுக்கட்டும்."

"நான் விழேல்ல மகன். சில்லு விழுத்தினது."

"நானா கோட்டம் எடுத்துத் தந்தவர்தானே? சில்லு நல்லாத்தான் இருக்கு. ஆடுறது நீங்க. கை நடுங்குது, கைபிடி ஆடுது, சைக்கிள் ஆடுது. பின்ன சில்லு ஆடுது எண்டு சொல்லுறீங்கள்."

தம்பலகாமத்தில் மருமகளின் தம்பி இருக்கிறான். அவனுடைய மகள் பள்ளிக்கூடத்துக்கு வெகுதூரம் நடக்கிறாள். அவளுக்குச் சைக்கிளைக் கொடுத்துவிடுவதென்று அன்றே பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸின் மேல் ஏற்றி அனுப்புவதாம். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மருமகள் மட்டும், "நல்ல காரியம்தானே மாமி, பிள்ளை சந்தோசப்படுவாள்" என்றாள். அந்தப் பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. மகன் சொல்வது சரியென்றால் நான் முடிந்துவிட்டேன், சைக்கிள் நல்லது. நான் சொல்வது சரியென்றால் நான் நல்லாயிருக்கிறேன், ஒரு சின்னப் பிள்ளையைப் பழுதான சில்லில் ஏற்றி, தம்பலகாமத்தில் காட்டு யானை வருகிற றோட்டில் அனுப்பப் போகிறார்கள்.

சனிக்கிழமை அவர்கள் இருவரும் சந்தைக்குப் போனபோது, சைக்கிளைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோனேன். சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வீங்கின கையோடு அதுவே பெரும்பாடு.

முதலில் சில்லை மெதுவாகச் சுழற்றினேன். காற்றடிக்கிற வால்வு மேலே வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக். வேறெங்கும் இல்லை. பிறகு சில்லை நிறுத்தி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் றிம்மை இடமும் வலமும் தள்ளினேன். உள்ளே டொக் டொக் என்று தட்டியது. றிம் மட்டும் அல்ல, சில்லு முழுவதும் நடு அச்சுக்கூட்டோடு சேர்ந்து அசைந்தது. சில்லைத் திருப்பி வேறு இடத்தில் பிடித்துத் தள்ளினேன். அங்கேயும் டொக். எல்லா இடத்திலும் அசைகிறதென்றால் அது றிம்மின் கோணல் இல்லை, நடு அச்சுக்குள் உருளுகிற சின்ன இரும்புக் குண்டுகள் தளர்ந்த ஆட்டம். சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் விலகுகிறதே, அது வேறு. என் சில்லில் இரண்டும் இருந்தன.

டிக்குக்குக் காரணம் இன்னும் கிடைக்கவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தேன். கைக்கு எட்டியவை எல்லாம் ணங் என்றன. ஆனால் இடப் பக்கம், சேலை சிக்காமல் இருக்கப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால், அச்சுக்குக் கிட்ட என் விரல் போகவில்லை. பொம்பிளைச் சைக்கிளில் மட்டும் இருக்கிற மறைப்பு அது. அதற்குள் யாரும் பார்க்கவில்லை, மகனும் இல்லை, நானாவும் இல்லை. குசினிக் கத்தியின் முனையால் அதன் ஆணியைத் தளர்த்தி மறைப்பை ஒதுக்கினேன்.

ஒரு கம்பி, அச்சில் வளைந்து கொழுவுகிற இடத்திலேயே முறிந்திருந்தது. மற்றக் கம்பிகளுக்குள் பின்னிக்கிடந்ததால் கீழே விழவில்லை. முறிந்த நுனி வெளியே தள்ளிக்கொண்டு, சில்லு சுற்றும்போது மறைப்பைத் தாங்குகிற இரும்பில் ஒரு தடவை தட்டிவிட்டுப் போகிறது. இடப் பக்கக் கம்பி போனால் வலப் பக்கக் கம்பிகள் றிம்மைத் தங்கள் பக்கம் இழுக்கும். அதுதான் வலப் பக்கம் உரசினது. எல்லாம் அங்கேயே கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. இவ்வளவு நாளும் எனக்குள்ளேயே நான் சந்தேகப்பட்டு, கையை நீட்டி நீட்டி நடுங்குதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே. அந்தக் கோபம்.

மகன் சந்தையால் வந்ததும் கூப்பிட்டேன். "வந்து பார்."

"நாளைக்கு அனுப்பிற சாமானைக் கழட்டி வைச்சிருக்கிறீங்களே அம்மா" என்றான். குனியவில்லை. "ஒரு கம்பிதானே. ஒரு கம்பி இல்லாட்டியும் ஓடும். தம்பலகாமத்தில மாத்துவினம்."

குனிந்து பார்க்கக் கூட அவனுக்கு முடியவில்லை. அப்போதுதான் ஒன்று முடிவெடுத்தேன்.

ஞாயிறு காலை சைக்கிளை பஸ்ஸடிக்குக் கொண்டுபோகக் கிளம்பினான். நான் சேலையைச் சொருகிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நானும் வாறன்."

"எங்க?"

"பஸ்ஸடிக்கு. சைக்கிளை ஏத்திறதப் பாக்கோணும். நீ ஓடு, நான் பின்னுக்கு இருக்கிறன்."

"அம்மா, ஊர் பாக்கும்."

"நான் விழுந்ததையும் ஊர் பாத்ததுதானே. சில்லு நல்லது எண்டனீ. என்ட பாரம் தாங்காதோ?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவன் ஏறி இருந்தான். நான் கரியரில் ஒரு பக்கமாக ஏறி அமர்ந்தேன். எனக்குக் கூச்சத்தில் முகம் எரிந்தது. ஆனால் இறங்கவில்லை.

எங்கள் வீட்டு ஒழுங்கை றோட்டில் ஏறுமுன்னமே தொடங்கிவிட்டது. டிக். டிக். பிறகு பின்பக்கம் இடம் போய் வலம் வந்தது. அவன் கைபிடியை இறுக்கிப் பிடித்தான்.

"ரயருக்குக் காத்து இல்லையோ அம்மா?"

"காத்து இருக்கு."

"ஆடாம இருங்கோவன்."

"நான் ஆடேல்ல. உன்ட இடுப்பைக் கூடப் பிடிக்கேல்ல, பார்."

சரிவு வந்தது. அவன் பின் பிறேக்கை அமத்தினான். கைபிடி வரைக்கும் அமர்ந்தது, சைக்கிள் நிற்கவில்லை. தானே தளர்த்தினது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது சில்லு உள்ளே டொக்கென்று ஒரு பக்கம் விழுந்தது. அவன் இரண்டு காலையும் தாரில் ஊன்றி, செருப்புத் தேயத் தேய இழுத்து நிறுத்தினான். மூச்சு வாங்கினான்.

"இதென்ன அம்மா, பின்னுக்கு ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி."

"நான்தான் இழுக்கிறன்" என்றேன். "எனக்கு வயசு போயிற்றுதுதானே."

அவன் பஸ்ஸடிக்குப் போகாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு நானாவிடம் போனான். நான் பின்னால் நடந்தேன்.

நானா கண்டவுடன், "போன முறதானே நேராக்கித் தந்தேன்" என்றார்.

மகன், "நீங்க என்ன நேராக்கினீங்க? உள்ளுக்கு டொக் டொக் எண்டுது" என்றான், தானே கண்டுபிடித்தவனைப் போல.

நானா றிம்மைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது. மறைப்பை ஒதுக்கி முறிந்த கம்பியையும் கண்டார். சில்லைக் கழற்றினார். ஒரு பக்கத்துப் பூட்டு நட்டையும் அதற்குப் பின்னால் குண்டுகளை அமத்திப் பிடிக்கிற கோன் என்ற கூம்பையும் திருகி எடுத்து, அச்சை உருவினார். உள்ளே கிறீஸ் என்று ஒன்றும் இல்லை. சிவப்பாகச் சேறு மாதிரித் துருக் கறளும், கறளுக்குள் குண்டுகளும். கோனை விரலால் தடவிக் காட்டினார். குண்டு ஓடுகிற வழியெல்லாம் குழிகுழியாக இருந்தது.

"இத யார் கழுவினது? கிறீஸ் ஒரு சொட்டு இல்ல. மண்ணெண்ண அடிச்சா கரைஞ்சி போகும், சேர்விஸ் குழாயால தண்ணிய அடிச்சா உள்ளுக்குப் போயிரும்."

நான் மகனைப் பார்த்தேன். அவன் எதிரே இருந்த மதிலைப் பார்த்தான்.

"நீங்க அண்டைக்கே கழட்டிப் பாத்திருந்தா இது வந்திருக்குமே?" என்றான் நானாவிடம்.

"நீங்க கழுவாம இருந்திருந்தா நான் ஏன் கழட்டணும்?"

இரண்டு பேரும் அப்படியே மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் நிற்கிறேன், முழங்காலில் கட்டோடு. இருவரில் ஒருவராவது என் பக்கம் திரும்பி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு வாய் திறந்தது. எப்படித் திறந்ததென்று தெரியாது.

"கதைச்சது போதும்" என்றேன். "ரெண்டு பேருக்கும் நான் சொன்னனான். டிக் எண்டுது எண்டனான், ஆடுது எண்டனான். நீங்க பாரத்தைக் குறை எண்டீங்க, இவன் காது கேக்கேல்ல எண்டான். இப்ப வேலையைச் செய்யுங்க."

நானா, "சரி அக்கா" என்று சொல்லி வேலையைத் தொடங்கினார்.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. அச்சுக்கூட்டைத் துடைத்துக் காயவைத்து, புதுக் கிறீஸ் வைத்து, புதுக் குண்டுகளை அதில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார். புதுக் கோனைக் கையால் திருகினார். கூட இறுக்கினால் குண்டு சிக்கும், தளர விட்டால் ஆட்டம் வரும். கோனை மெல்லிய சாவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்கினார். பிடிக்காவிட்டால் நட்டோடு கோனும் சேர்ந்து சுற்றி, வைத்த அளவு போய்விடுமாம். சில்லைச் சைக்கிளில் பூட்டி றிம்மைத் தள்ளிக் காட்டினார். டொக் இல்லை. கையால் ஒரு தட்டுத் தட்டினால் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் கம்பி. முறிந்ததை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் புதுசு ஒன்றை அச்சு ஓட்டையால் விட்டு, மற்றக் கம்பிகளை எப்படித் தாண்டிப் போகிறதோ அதே மாதிரிப் பின்னி, றிம்மில் கொழுவினார். பக்கத்துக் கம்பி சுண்டினால் வருகிற சத்தம் வரும்வரை முறுக்கினார்.

கடைசியில் கோட்டம். நடு ஆடிக்கொண்டிருக்கும்போது றிம்மை நேராக்கி என்ன பயன்? முதல் தடவை செய்தது அந்தப் பிழைதான். அதை அவரே சொன்னார், குரலைத் தாழ்த்தி. சட்டத்தில் கையை ஊன்றி, ஒரு சோக்குத் துண்டை றிம்முக்குக் கிட்டப் பிடித்துச் சில்லைச் சுழற்றினார். றிம் விலகி வருகிற இடத்தில் மட்டும் சோக்குக் கோடு விழுந்தது. வலப் பக்கம் விலகினால் அந்த இடத்தில் இடப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தினார். திரும்பச் சுழற்றினார். கோடு சின்னதானது. முந்தி இழுத்து இறுக்கி வைத்த கம்பிகளையும் தேடிப் பிடித்துத் தளர்த்தினார். அவசரப்படவில்லை, நான் நின்றபடியால். வெயில் தறப்பாளுக்குள் வந்துவிட்டது. கடைசியாகப் பிறேக் கட்டைகளைத் திரும்பக் கிட்ட வைத்தார். பிடித்தால் நின்றது, விட்டால் உரசவில்லை.

மகன் சில்லைச் சுழற்றிப் பார்த்தான். சந்தோசமாகத் திரும்பினான்.

"இப்ப நல்ல வடிவா ஓடுது அம்மா. இனிப் பயமில்லாமல் பிள்ளைக்கு அனுப்பலாம்."

இதை அவன் சொன்னான். என் காதால் கேட்டேன். நான் சொன்னது அத்தனையும் சரி என்று அவனுக்கு முன்னாலேயே சில்லைக் கழற்றிக் காட்டின பிறகும், என் சைக்கிள் போகிறது போகிறதுதான். பிழை என்னிடம் என்றாலும் போக வேண்டும், சில்லில் என்றாலும் போக வேண்டும். அப்படியென்றால் விழுந்தது ஒரு சாட்டு மட்டும்தானே?

நான் சேலையை இழுத்துச் சொருகினேன். நானாவின் கையிலிருந்து சைக்கிளை வாங்கினேன்.

"அந்தப் பிள்ளைக்கு நீ ஒண்டு வாங்கிக் குடு" என்றேன். "நீ வாங்கு. குழாயால கழுவாத."

"அம்மா, கை வீங்கியிருக்கு, நில்லுங்கோ..."

நான் நிற்கவில்லை. ஏறி மிதித்தேன். அவன் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடி வந்தான், பிறகு செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. துறைமுக வீதியில் இறங்கும்போது மிதிப்பதை நிறுத்திக் காது கொடுத்தேன். ரயர் தாரில் ஓடுகிற சத்தம் மட்டும்தான். வளைவில் மான்கள் நின்றன. பின் பிறேக்கைப் பிடித்தேன், சைக்கிள் நின்றது. அவை என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள்பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தன.

மறுநாள் காலை இடியப்பக் கூடையைக் கட்டும்போது மகன் வாசலில் நின்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. "முதலே வடிவா விளங்கச் சொல்லியிருக்கலாம்தானே அம்மா" என்றான். நான் கூடையைக் கட்டினேன், போனேன். இன்றைக்கும் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "விழுந்தனீங்களாமே, வயசுக்குக் கவனமா ஓடுங்கோ" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். கோபம் ஆறவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் சைக்கிள் வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால், நான் எழுதியது சரியா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். இடப் பக்கக் கம்பி முறிந்தால் றிம் வலப் பக்கம் போகும் என்று எழுதியிருக்கிறேன், அது சரியா என்று பாருங்கள். கம்பியின் தலையை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதை நான் எழுதவில்லை. ரயர்ப் பக்கமிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள் போகிற பக்கம் என்று நானா சொன்னதாக ஞாபகம், அச்சுப் பக்கமிருந்து பார்த்தால் மாறி வருமாம், ஆனால் நிச்சயமில்லை. தெரிந்தவர் எழுதிச் சேர்த்துவிடுங்கள். என்னை நம்பி யாராவது மாறித் திருகி விழுந்தால், அதற்கும் வயது போன கிழவி என்றுதான் சொல்வார்கள்.